நீர் நகர்த்திய கற்கள்

எகிப்தில் நைல் நதியின் கிழக்குக் கரையில் தெயிர் எல் பெர்ஷா என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள மலைச்சரிவில், ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தை ஆண்ட ஜெகூத்திகோத்தெப் என்ற ஆளுநரின் கல்லறை குடையப்பட்டிருக்கிறது. அதன் சுவரோவியம் ஒன்றில் ஒரு மாபெரும் சிலையை இழுத்துச் செல்கிறார்கள். உட்கார்ந்த நிலையிலுள்ள அந்தச் சிலையின் உயரம் 13 முழம் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய முழக்கணக்கில் அது கிட்டத்தட்ட 7 மீட்டர். எடை 58 டன் இருக்கலாம் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. சக்கரமில்லாத ஒரு மரச் சறுக்குச்சட்டத்தின் மேல் சிலை ஏற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. நான்கு வரிசைகளில் 172 பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் முழங்கால் மீது நின்று ஒருவன் கைதட்டித் தாளம் கொடுக்கிறான். எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால்தானே இழுப்புக்குப் பலன்.

இத்தனை பேருக்கு நடுவில் என் கண் போய் நிற்பது ஒரே ஒருவனிடம். சறுக்குச்சட்டத்தின் முன்விளிம்பில், சிலையின் பாதத்துக்குக் கீழே நின்று, அவன் ஒரு குடத்திலிருந்து தரையில் தண்ணீர் ஊற்றுகிறான். கீழ் வரிசையில் மூன்று பேர் தோளில் காவடித் தண்டு வைத்து இன்னும் தண்ணீர் சுமந்து வருகிறார்கள்.

இதை ஒரு சடங்காகவே நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். சிலைக்கு முன்னால் சாம்பிராணி காட்டுபவனும் அதே ஓவியத்தில் இருப்பதால், தண்ணீர் தெளிப்பதும் தூய்மைச் சடங்காக இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். பக்தி அதில் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடத்துத் தண்ணீர் தரையில் விழுந்த பிறகு செய்யும் வேலையை அறிந்தபோது, படைப்பின் முன் கைகூப்பத் தோன்றியது எனக்கு.

பாரமான ஒரு சட்டத்தைக் காய்ந்த மணலில் இழுத்தால் என்ன ஆகும்? சட்டம் கொஞ்சம் அமுங்கும். முன்னே நகர நகர, அதன் மூக்குக்கு எதிரே மணல் குவியும். இழுப்பவர்கள் கல்லை மட்டுமா இழுக்கிறார்கள், ஒரு மணல்மேட்டையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்த மேடு வளரும். ஒரு கட்டத்தில் சட்டம் அசையாமல் நின்றுவிடும், மணலை வாரி அப்புறப்படுத்தினால்தான் மேற்கொண்டு போகலாம்.

2014ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் டேனியல் பான் தலைமையிலான குழு இதை ஆய்வகத்தில் அளந்து பார்த்தது. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, சிறிய சறுக்குச்சட்டத்தின் மேல் எடை வைத்து இழுத்தார்கள். மணலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இழுக்கத் தேவைப்பட்ட விசையைக் குறித்தார்கள். ஈரம் ஏற ஏற விசை குறைந்துகொண்டே வந்தது. மணலின் கன அளவில் 2 முதல் 5 சதவீதம் தண்ணீர் இருந்தபோது, காய்ந்த மணலில் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி விசையே போதுமானதாக இருந்தது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றியபோது விசை மறுபடி கூடத் தொடங்கியது.

காரணம் மணல்துகள்களுக்கு நடுவே இருக்கிறது. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் அது இடைவெளிகளை நிரப்பிவிடுவதில்லை. துகளும் துகளும் தொட்டுக்கொள்ளும் முனைகளில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு குட்டி நீர்ப்பாலம் உண்டாகிறது. தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளத் துடிப்பது தண்ணீரின் இயல்பு. ஒவ்வொரு பாலமும் இருபக்கத் துகள்களையும் தன்னை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஒரு பாலத்தின் இழுப்பு மிக அற்பம். ஒரு கைப்பிடி மணலிலோ எண்ண முடியாத அளவுக்குப் பாலங்கள். எல்லாம் சேர்ந்தால் தளர்ந்த மணல் கெட்டித் தரையாகிறது. சட்டம் அமுங்குவதில்லை, முன்னால் மேடு குவிவதில்லை. கடற்கரையில் காய்ந்த மணலில் கால் புதைய நடந்தவர்கள், அலை நனைத்துவிட்டுப் போன இடத்தை எட்டியதும் கால் பதியாமல் விரைவதும் இதனால்தான். அதே மணலில் தண்ணீர் மிகுந்தால், பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து இடைவெளிகளெல்லாம் நிரம்பிவிடும். பிடித்து இழுக்க நீர்ப்பரப்பே மிஞ்சாது, மணல் சேறாகக் குழையும்.

இப்போது ஓவியத்தில் அந்த ஆள் நிற்கும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். சட்டத்தின் மூக்கிலேயே நிற்கிறான். பாலைவன வெயிலில் பாதை முழுவதையும் முன்கூட்டியே நனைத்து வைத்தால், கல் வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடும். கல் ஏறப்போகும் அந்த ஓரடித் தரைக்கு மட்டும், அந்த நொடியில், அளவாக ஊற்ற வேண்டும். குறைந்தால் மணல் குவியும், மிகுந்தால் சேறாகும். தண்ணீருக்கும் மணலுக்கும் படைத்தவன் வைத்த அந்தச் சின்ன வரம்பைத் தன் கைப்பழக்கத்தால் அறிந்த ஒருவன், 172 பேரின் உழைப்பைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் ஈரமணல் ஒன்றே அந்தச் சிலையைக் கொண்டுவந்து சேர்த்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு அப்படிச் சொல்ல விடாது. நனைந்த மணலில் உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், 58 டன்னுக்கு 17 டன்னுக்கு மேல் இழுப்பு வேண்டும். 172 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு நூறு கிலோ விசை. மூச்சைப் பிடித்து ஒரு தடவை இழுக்கலாம், நாள் முழுக்க இழுக்க முடியாது. அப்படியானால் காலடித் தரை வெறும் மணலைவிட நல்லதாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கல்லறையின் எழுத்துகளே இதற்குச் சாட்சி. சிலை வந்த வழி மிகக் கடினமானது என்றும், அதற்குப் பாதை போட ஆட்களைத் திரட்டியதாகவும் ஆளுநர் அதில் சொல்லிக்கொள்கிறார். லிஷ்ட் போன்ற இடங்களில் அந்தக் காலத்துப் பாதைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். குறுக்கே மரச்சட்டங்களைப் பதித்து, கல்சில்லும் சாந்தும் மண்ணும் இட்டு இறுக்கிய பாதைகள் அவை. மேலே நைல் வண்டலைப் பூசி நனைத்துவிட்டால் சட்டம் வழுக்கிக்கொண்டு போகும். நைல் வண்டல் களிமண் வகை. அதன் துகள்கள் மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை. நடுவே நீர் புகுந்தால் தகடு தகடாகச் சறுக்கும். மணலைப் பிடித்துக் கட்டிய அதே தண்ணீர் களிமண்ணை விடுவிக்கிறது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு குணங்களும் ஒரே ஆற்றங்கரையில் அவர்களுக்குக் கிடைத்திருந்தன.

இந்த ஓவியத்துக்கும் ஏறக்குறைய 650 ஆண்டுகள் முந்தியது கீசாவின் பெரிய பிரமிடு. கூஃபு மன்னனுக்காக, கிறிஸ்துவுக்கு முன் 2560ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. அடியில் ஒரு பக்கம் 230 மீட்டர், எழுந்து நின்றபோது உயரம் 146 மீட்டருக்குச் சற்று மேல். சுமார் 23 லட்சம் கற்கள் இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. சராசரிக் கல்லின் எடை இரண்டரை டன். இருபது ஆண்டுகளில், ஆண்டுக்கு 300 நாள், நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கல் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்கு வேற்றுலகவாசிகள் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரண்டரை டன் கல் ஒன்றைப் பிறந்த இடத்திலிருந்து பின்தொடர்ந்தால் போதும், மனிதக் கையும் மண்ணின் குணமும் எங்கெங்கே சந்தித்துக்கொண்டன என்பது தெரிந்துவிடும்.

பிரமிடின் உட்கற்களில் பெரும்பாலானவை தொலைவிலிருந்து வந்தவை அல்ல. பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டரில் அவற்றை வெட்டிய குழி இன்றும் கிடக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலாக இருந்தபோது அடுக்கடுக்காகப் படிந்தது. கூர்ந்து பார்த்தால் கல்லுக்குள் நாணயம் போன்ற வட்ட ஓடுகள் தெரியும், அந்தக் கடலில் வாழ்ந்த ஒருசெல் உயிர்களின் கூடுகள் அவை. கடல் ஒரு காலத்தில் கெட்டியான கல்லைப் படிய வைத்தது, இன்னொரு காலத்தில் மண் கலந்த மென்மையான படிவை விட்டுச் சென்றது. அதனால் கெட்டி அடுக்கும் மெது அடுக்கும் மாறி மாறிக் கிடக்கின்றன.

கல்வெட்டுவோருக்கு இது பெரிய உதவி. அவர்களிடம் இரும்பு இல்லை, செம்பு உளியும் கல் சம்மட்டியும்தான் இருந்தன. மேலிருந்து கீழாக, ஒரு ஆள் நின்று வேலை செய்யும் அகலத்தில் வாய்க்கால் வெட்டிக் கல்லின் நான்கு பக்கத்தையும் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது அடிப்பக்கம். கெட்டி அடுக்குக்குக் கீழே மெது அடுக்கு இருக்கும் இடம் பார்த்து, அங்கே நெம்புகோலைக் கொடுத்து உயர்த்தினால் கல் பெயர்ந்து வரும். ஆப்பை அடித்து நீர் ஊற்றி, மரம் ஊறி உப்பும் விசையில் பாறையைப் பிளந்தார்கள் என்ற கதை பல புத்தகங்களில் இருக்கிறது. ஆப்புத் துளைகளின் வரிசை தெரியும் பாறைகள் எகிப்தில் இருப்பதும் உண்மை. ஆனால் அவை பிரமிடுக்கு மிகவும் பிந்திய, இரும்பு வந்த காலத்தவை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

பெயர்ந்த கல்லைச் சறுக்குச்சட்டத்தில் ஏற்றியாயிற்று. இனி அதைச் சாய்தளத்தில் மேலே கொண்டுபோக வேண்டும். பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரும் சாய்தளம் என்று கொள்வோம். இரண்டரை டன் கல்லை உயர்த்துவதற்கு மட்டும் அந்தச் சாய்வில் 250 கிலோ விசை வேண்டும். உராய்வுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். தரை நனைந்து உறுதியாக இருந்தால் இன்னொரு 750 கிலோ. ஆக மொத்தம் ஆயிரம் கிலோ. ஒரு ஆள் சீராக 40 கிலோ விசையில் இழுப்பான் என்றால் 25 பேர் போதும். இதே கல்லைக் காய்ந்த, தளர்ந்த மணல்மேல் இழுத்தால் உராய்வே 1,350 கிலோவை நெருங்கும். அப்போது 40 பேர் வேண்டும். குடத்துடன் முன்னால் நடக்கும் ஒருவன் பதினைந்து பேரின் வேலையைச் செய்கிறான்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இழுப்பில் கால் பங்குதான் கல்லை உயர்த்தச் செலவாகிறது, முக்கால் பங்கு உராய்வுக்குப் போகிறது. அப்படியென்றால் உராய்வை அறவே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இழுப்பவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது கல்லைப் பிடித்து வைப்பதும் அந்த உராய்வுதான். எடையில் பத்தில் மூன்று பங்கு உராய்வு இருக்கும் தரையில், பத்தில் ஒரு பங்கு சாய்வில் நின்ற கல் தானாகக் கீழே வராது. வண்டலை அதிகம் பூசி, நீரையும் அதிகம் விட்டு உராய்வைப் பத்தில் ஒன்றுக்குக் கீழே கொண்டுபோனால், வடத்தை விட்ட மறுநொடி இரண்டரை டன் கல் பின்னால் வருபவர்கள் மேல் இறங்கும். சாய்தளத்தில் தண்ணீர்க்காரன் சமதரையில் இருப்பவனைவிடக் கவனமாக இருந்திருப்பான். பின்னால் முட்டுக்கட்டை போட ஒரு ஆள் நடந்திருப்பான்.

செங்குத்தான சாய்தளங்களில் இதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 2018இல் ஒரு தடயம் வெளியே வந்தது. ஜெகூத்திகோத்தெப்பின் சிலைக்குக் கல் தந்த ஹத்நூப் கற்சுரங்கத்தில், பிரான்ஸ், இங்கிலாந்து அகழாய்வாளர்கள் கூஃபு காலத்துச் சாய்தளம் ஒன்றைத் துப்புரவு செய்தார்கள். நூறு மீட்டருக்கு இருபது மீட்டருக்கும் மேல் உயரும் சாய்வு அது. நடுவே கல் போகும் பாதை. இரண்டு பக்கமும் படிக்கட்டுகள். படிக்கட்டை ஒட்டி, தடித்த மரக்கம்பங்களை நட்ட குழிகள். வடத்தைக் கம்பத்தைச் சுற்றி விட்டால், சிலர் மேலே நின்று இழுக்கும்போதே வேறு சிலர் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே கல்லை மேல்நோக்கி இழுக்க முடியும். அவர்கள் உடல் எடையும் வேலைக்கு உதவும். நிறுத்த வேண்டியபோது கம்பத்தைச் சுற்றிய வடமே கடிவாளமாகும். கப்பி என்ற உருளி அவர்களிடம் இருந்ததற்குச் சான்றில்லை. அசையாத கம்பத்தைக் கொண்டே அதன் பலனில் ஒரு பகுதியைப் பெற்றுவிட்டார்கள்.

சரி, 146 மீட்டர் உயரத்துக்குச் சாய்தளம் கட்டினால் அது எவ்வளவு நீளம்? பத்துக்கு ஒன்று சாய்வில் ஒன்றரை கிலோமீட்டர். அந்தச் சாய்தளமே பிரமிடு அளவு மண்ணையும் கல்லையும் விழுங்கிவிடும், கீசாவில் அதற்கு இடமும் இல்லை. நேர்ச் சாய்தளக் கொள்கையை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அது நியாயமானதே. ஆனால் கூம்பி எழும் வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் கன அளவில் சரிபாதி, உயரத்தின் அடி ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தரையிலிருந்து 30 மீட்டர் உயரும்போதே பாதிக் கற்கள் வைத்தாகிவிட்டன. 98 மீட்டர் போனால், அதாவது மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு முடிந்துவிடுகிறது. மேலே மிஞ்சும் 48 மீட்டரில் நூற்றுக்கு நாலு கல்கூட இல்லை. முதல் 30 மீட்டருக்குப் பத்துக்கு ஒன்று சாய்வில் வேண்டிய நீளம் 300 மீட்டர். கல்வெட்டிய குழியோ தெற்கே அதே சில நூறு மீட்டரில் இருக்கிறது. குழியிலிருந்து நேரே ஏறும் பாதை அந்த அளவுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

அதற்கு மேலேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். பிரமிடின் முகத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம் என்பது ஒரு கருத்து. முகத்துக்கு உள்ளே சுருளாக ஏறும் வழி என்பது பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் பியேர் ஊதான் சொன்னது. உச்சிக்கு அருகே நெம்புகோலும் அடுக்குக் கட்டைகளும்தான் என்பது வேறொன்று. சுற்றிப் போகும் பாதையில் மூலை திரும்புவது பெரும்பாடு. 25 பேர் நீளும் வடவரிசை நேராக இருந்தால்தான் இழுக்கும், மூலையில் வளைந்தால் கல் விளிம்பை நோக்கி இழுபடும். என் கருத்தில், ஒரே வழி இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் சிக்கலே. கீழே ஆயிரக்கணக்கான கற்கள் வரிசையில் காத்திருக்கும்போது அகலமான நேர்வழி வேண்டும். மேலே ஒரு நாளைக்குச் சில கற்களே போகும்போது மெதுவான வழி போதும். வேலை அறிந்தவர்கள் உயரத்துக்கு ஏற்ப வழியை மாற்றியிருப்பார்கள்.

இரண்டரை டன் கல்லின் கதை இது. மன்னன் அறையின் கூரை வேறு மாதிரி. தரையிலிருந்து 43 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த அறையை ஒன்பது கருங்கல் உத்தரங்கள் மூடுகின்றன. ஒவ்வொன்றும் 25 டன்னுக்குக் குறையாது, பல அதைவிட வெகுவாகக் கனமானவை. 800 கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கே அஸ்வானில் பிறந்தவை. கருங்கல்லில் செம்பு உளி வேலைக்கு ஆகாது. டோலரைட் என்ற அதைவிடக் கடினமான கல்லை உருண்டையாக எடுத்து, இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் போட்டு, பாறையைப் பொடிப் பொடியாகத் தேய்த்தார்கள். அந்த முறை எங்கே தோற்கும் என்பதற்கும் அஸ்வானில் சாட்சி கிடக்கிறது. பிற்காலத்தில் வெட்டத் தொடங்கிய ஒரு தூண், ஏறக்குறைய 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. மூன்று பக்கம் வெட்டியபின் பாறைக்குள் இருந்த விரிசல் வெளிப்பட்டது. வேலையை விட்டுவிட்டார்கள், அது இன்றும் படுத்தே இருக்கிறது. மன்னன் அறை உத்தரங்களும் தென்பக்கம் வெடித்திருக்கின்றன. பண்டைய காலத்திலேயே அந்த வெடிப்புகளில் சாந்து பூசிப் பார்த்திருக்கிறார்கள். பாரம் கூடுகிறதா, வெடிப்பு வளர்கிறதா என்பதைச் சாந்து வெடிப்பதைக் கொண்டு அறியலாம் என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். 43 மீட்டர் உயரத்துக்கு 25 டன்னும் அதற்கு மேலும் ஏற, பல நூறு கைகள் ஒரே தாளத்தில் இழுத்திருக்க வேண்டும், வழியும் அகலமாக இருந்திருக்க வேண்டும். கூரைக்குக் கல் போன நாட்களில் மற்ற வேலையெல்லாம் நின்றிருக்கும் என்றே தோன்றுகிறது.

அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டர் வந்தது ஆற்றில். நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது, எகிப்தில் காற்று ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. பாரத்தோடு இறங்கும் படகை நீரோட்டம் இழுத்துப் போகும். வெறும் படகாகத் திரும்பும்போது பாய் விரித்தால் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே ஆற்றுக்கு இரண்டு திசைக்கும் இழுவை வைத்திருக்கிறது படைப்பு.

அந்தப் படகுப் பயணத்தை அன்றன்றைக்கு எழுதி வைத்த ஒருவரின் பெயரே நமக்குத் தெரியும். 2013இல் பியேர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பாறைக் குடைவுகளின் முகப்பில் பெரிய கற்களுக்கிடையே பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. மெரெர் என்ற கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு அதில் இருக்கிறது. அவருக்குக் கீழே சுமார் 40 பேர். அவர்கள் வேலை, நைலின் எதிர்க்கரையில் தூரா என்ற இடத்துக்குப் போய், பிரமிடின் மேற்போர்வைக்கான வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு கீசாவுக்கு வருவது. காலையில் எங்கே இருந்தோம், கல் ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம் என்று ஒரு வரி, இரண்டு வரி. பத்து நாளைக்கு இரண்டு அல்லது மூன்று நடை. கூஃபுவின் ஏரி என்று அவர் சொல்லும் நீர்த்தேக்கத்தைக் கடந்து பிரமிடுக்குப் பக்கத்தில் போய் இறக்குகிறார்கள். பொறுப்பில் இருந்தவர் அங்க்காஃப், மன்னனின் மாற்றாந்தாய்ச் சகோதரர்.

பிரமிடு பாலைவன மேட்டில் நிற்கிறது, இன்றைய நைல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. படகு எப்படிப் பக்கத்தில் போனது? கீசாவை ஒட்டி அப்போது ஒரு கிளையாறு ஓடியது. அதன் பழைய படுகையில் துளையிட்டு எடுத்த மண்ணிலுள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள், கூஃபு காலத்தில் அதில் நீர் உயர்ந்தே இருந்தது என்று 2022இல் எழுதினார்கள். இதோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. எத்தியோப்பிய மலைகளில், நம் தென்மேற்குப் பருவமழையின் அதே மாதங்களில், பெரும் மழை கொட்டும். அந்த நீர் எகிப்தை அடைந்தபோது அன்றைய நைல் கரைபுரண்டு வயல்களை மூடியது. மெரெரின் குறிப்புகளில் உள்ள கல் ஏற்றும் நடைகள் கோடை, இலையுதிர் கால வெள்ள மாதங்களைச் சேர்ந்தவை என்று தாலே கணக்கிடுகிறார். சாய்தளத்தில் இரண்டரை டன்னுக்கு 25 பேர் தேவைப்பட்டார்களே, அந்த ஒரு குழுவைவிடப் பெரிய மெரெரின் குழு, பல பத்து டன் பாரத்தை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தது. வெள்ளம் கல்லைப் பிரமிடு நிற்கும் மேட்டின் அடிவாரத்துக்கு அருகே கொண்டுவந்தும் விட்டது. எங்கோ மலையில் பெய்த மழை அது.

தூராக் கல் கடைசியாக வைக்கப்பட்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். போர்வைக் கற்கள் ஒவ்வொன்றும் பல டன் எடை. அடிவரிசையில் எஞ்சியிருப்பவற்றை 1880களில் அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, இரண்டு கற்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி சராசரியாக அரை மில்லிமீட்டர் என்று கண்டார். அந்த இடுக்கிலும் சாந்து நிறைந்திருந்தது. பல டன் கல்லை இன்னொரு கல்லை ஒட்டி அந்த அளவுக்கு நெருக்கமாக நிறுத்துவது எப்படி? கல்லைத் தூக்கி வைத்தால் விரல் நுழையும் இடைவெளி மிஞ்சும். நெம்புகோலால் தள்ளினால் கல்லும் கல்லும் உரசி விளிம்பு உடையும்.

சாந்து ஒட்டுவதற்காகப் பூசப்பட்டது என்று நாம் நினைக்கிறோம். இவ்வளவு கனமான கல்லுக்கு ஒட்டு எதற்கு, தன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். கூழாகக் கரைத்த சாந்தை அடித்தளத்தில் பரப்பி, அதன்மேல் கல்லை இறக்கி, அந்த வழுக்கலில் மெல்லத் தள்ளி அடுத்த கல்லோடு சேர்த்தார்கள் என்பதே பழைய எகிப்தியக் கட்டுமானத்தை ஆராய்ந்த பொறியாளர்களின் விளக்கம். அந்தச் சாந்து ஜிப்சத்தால் ஆனது. ஜிப்சம் தன் படிகத்துக்குள்ளேயே நீரைப் பூட்டி வைத்திருக்கும் கனிமம். அடுப்புத் தீயின் மிதமான சூட்டிலேயே அந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், கல் பொடியாகும். எகிப்தில் விறகு அரிது, சுண்ணாம்பு சுடுவதற்கு வேண்டிய பெருந்தீ இதற்குத் தேவையில்லை. அந்தப் பொடியில் மறுபடி நீர் ஊற்றினால் சிறிது நேரம் கூழாக நெகிழ்ந்து கிடக்கும். பிறகு, ஆவியாகப் போன அளவு நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முன்பிருந்த படிகமாகவே இறுகிவிடும். நெகிழ்ந்து கிடக்கும் அந்த இடைவேளைக்குள் கல் சறுக்கி, அண்டைக் கல்லைத் தொட்டு, தன் இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். தவறினால் இறுகிய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.